சுவரில் மாட்டும் பூஜை அலமாரி: கதவும் விளக்குத் தட்டும் முடிவான விதம்

சென்னை வேளச்சேரியில் மூன்றாவது மாடியில் இருக்கும் இரண்டு படுக்கையறை பிளாட் அது. கணவன், மனைவி, நான்கு வயதுக் குழந்தை, கணவனின் தாயார் என நான்கு பேர். பூஜைக்கென்று தனி அறை கிடையாது. கூடத்தில், சமையலறை வாசலுக்கும் படுக்கையறை வாசலுக்கும் நடுவே 40 அங்குல அகலத்தில் ஒரு சுவர் இருந்தது. அதில் மாட்டினால் சுவாமி கிழக்குப் பார்த்து இருக்கும் என்பதால் இடத்தைப் பற்றி வீட்டில் யாருக்கும் மறுப்பில்லை. எந்த அலமாரி என்பதில்தான் முடிவு ஏற்படவில்லை. சிறிய வீடுகளுக்கு மரவேலை வடிவமைத்துக் கொடுப்பது என் தொழில். அப்படித்தான் அந்தக் கேள்வி என்னிடம் வந்தது.

அவர்கள் கடையில் ஏற்கெனவே ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார்கள். 24 அங்குல அகலம், எம்.டி.எஃப். பலகை, மேலே மைகா, முன்னால் இரண்டு கண்ணாடிக் கதவுகள், உள்ளே மேல்பலகையில் எல்.இ.டி. பட்டை விளக்கு. படத்தில் அழகாகவே இருந்தது. விளக்கு வைக்கும் தட்டில் மட்டும் வெப்பம் தாங்கும் மைகா ஒட்டியிருப்பதாகவும், அதனால் தாராளமாக உள்ளேயே தீபம் ஏற்றலாம் என்றும் விற்பனையாளர் சொல்லியிருந்தார். அந்த ஒரு வாக்கியத்தில்தான் எனக்குச் சந்தேகம்.

எண்ணெய் விளக்கு கீழ்நோக்கிச் சுடுவதில்லை. காமாட்சி விளக்கு அரை மணி நேரம் எரிந்த பிறகும் அதன் அடிப்பாகத்தைக் கையால் தொட்டுத் தூக்க முடியும். சுடரின் வெப்பத்தில் பெரும்பகுதி சூடான காற்றாக நேர்மேலே போகிறது. ஆகவே விளக்கின் அடியில் இருக்கும் பலகைக்கு உண்மையான எதிரி எண்ணெய். விளக்கின் மேலே இருக்கும் பலகைக்கு எதிரி வெப்பமும் கரியும். கடைகளில் எல்லோரும் கீழ்த்தட்டைக் காட்டி வெப்பம் தாங்கும் என்கிறார்கள். மேல்பலகையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. எரிந்துபோன பூஜை அலமாரிகளில் நான் பார்த்தவை எல்லாம் மேலிருந்து கருகியவைதான்.

இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடச் செய்து காட்டுவது எளிது. தாயார் தினமும் ஏற்றும் அதே காமாட்சி விளக்கைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, ஒரே திரியிட்டு ஏற்றச் சொன்னேன். இரு பக்கமும் புத்தகங்களை அடுக்கி, சுடரின் நுனிக்கு மேல் 12 அங்குலத்தில் ஓர் எவர்சில்வர் தட்டைக் குறுக்கே வைத்தோம். கால் மணி நேரம் கழித்துத் தட்டைத் தொட்டால் நல்ல சூடு, ஆனால் கையை வைத்திருக்க முடிந்தது. தட்டை 9 அங்குலத்துக்கு இறக்கியபோது கை சிறிது நேரம்தான் தாங்கியது. 6 அங்குலத்தில் தொடவே முடியவில்லை, தட்டின் அடியில் கரியும் படிந்திருந்தது. பிறகு சிறிய குத்துவிளக்கில் ஐந்து முகமும் ஏற்றி 12 அங்குலத்தில் வைத்தோம். அதிலும் கை வைக்க முடியவில்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டுச் செய்தால்தான் இந்தச் சோதனை சரியாக வரும். காற்றடித்தால் சூடு சிதறி, ஆபத்து குறைவாகத் தெரியும்.

கடையில் பார்த்த அலமாரியின் உள்ளுயரம் 14 அங்குலம். அவர்களுடைய காமாட்சி விளக்கில் சுடரின் நுனி விளக்கின் அடியிலிருந்து 5 அங்குலம். மிச்சம் 9 அங்குலம்தான். அந்த இடைவெளியில் மரப்பலகை முதல் நாளே தீப்பிடித்துவிடாது. மரம் சுடர்பட்டுப் பற்றுவதற்கு ஏறத்தாழ 250 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை வேண்டும். ஆனால் காலையும் மாலையும், வருடக்கணக்கில், ஒரே இடத்தில் சூடு படும்போது அதற்கு வெகு முன்பே பலகை பழுப்பாகும்; மைகாவின் பசை விட்டுக் கொப்புளம் எழும்; பிறகு கருகும். அப்படிக் கருகிய மரம் புதிய மரத்தைவிட எளிதில் பற்றிக்கொள்ளும். திரி சற்று நீளமாகிச் சுடர் உயர்ந்த ஒரு மாலை போதும். அதே பலகையில்தான் எல்.இ.டி. பட்டையும் அதன் ஒயரும் ஓடுகின்றன. வீட்டில் பயன்படும் சாதாரண பி.வி.சி. உறை போட்ட ஒயர் 70 டிகிரி வரைதான் தாங்கும். விளக்கின் நேர்மேலே அதை ஓடவிடுவதை எந்த வடிவமைப்பிலும் நான் ஏற்கமாட்டேன்.

கண்ணாடிக் கதவு இன்னொரு சிக்கல். தாயாரிடம் எப்போது கதவைச் சாத்துவீர்கள் என்று கேட்டேன். “ராத்திரி விளக்கு மலையேறினதும் சாத்திவிடுவேன் தம்பி. திறந்தே கிடந்தால் மனசு ஒப்பாது” என்றார். மருமகள், “அம்மா ஊருக்குப் போனால் நான் அவசரத்தில் விளக்கு எரியும்போதே சாத்திவிட்டு அலுவலகம் கிளம்பிவிடுவேன்” என்று உண்மையைச் சொன்னார். இந்த இரண்டாவது பதிலை வைத்துத்தான் முழு அலமாரியையும் வடிவமைத்தேன். மூடிய பெட்டிக்குள் எரியும் விளக்கைக் கவனமாக இருங்கள் என்ற அறிவுரையை நம்பி விட முடியாது. விளக்கு எரியும்போது கதவு சாத்தவே முடியாதபடி மரவேலை இருக்க வேண்டும்.

அதற்கு ஒரு வழி உண்டு. சுவாமி படங்கள் இருக்கும் முக்கியத் தட்டுக்கு அடியில், முன்னால் இழுக்கக்கூடிய ஒரு தட்டு வைப்பது. விளக்கை அதில் மட்டுமே ஏற்றுவது. தட்டு வெளியே வந்திருக்கும்போது விளக்கின் மேலே கூடத்தின் கூரை வரை வெறும் காற்றுதான். கதவு கீழே வரை நீண்டு அந்தத் தட்டின் முகப்பையும் மறைக்கும்படி அமைத்தால், தட்டு வெளியே இருக்கும்வரை கதவு சாத்த வராது. தட்டை உள்ளே தள்ள வேண்டுமென்றால் விளக்கைக் கையில் எடுத்தாக வேண்டும், ஏனென்றால் அது நுழையும் இடைவெளி இரண்டு அங்குலம்தான். அணைந்து ஆறிய விளக்கை மேலே முக்கியத் தட்டில் வைத்துவிட்டு, இழுதட்டை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவது என்ற வரிசை தானாகவே ஏற்பட்டுவிடுகிறது.

தட்டு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். பலரும் நடுவில் வைக்கச் சொல்வார்கள். நடுவில் வைத்தால் படத்துக்குப் பூ சாத்த, பொட்டு வைக்க, கையை எரியும் சுடருக்கு மேலே நீட்ட வேண்டியிருக்கும். புடவை முந்தானை, அதிலும் நைலான், பாலியஸ்டர் துணி, சுடருக்கு மேலே வருவது வீட்டுப் பூஜையில் நடக்கும் மிக மோசமான விபத்து. ஆகவே 30 அங்குல அலமாரியில் இடது ஓரமாக 12 அங்குலத்துக்கு மட்டும் இழுதட்டு வைத்தோம். மீதி 18 அங்குலம் கையை நீட்டுவதற்குத் தடையில்லாமல் கிடைத்தது. தாயார் முழங்கால் வலியால் நின்றுகொண்டே பூஜை செய்பவர், உயரம் ஐந்தடி. முக்கியத் தட்டு தரையிலிருந்து 40 அங்குலத்தில் வந்தது. முழங்கையைவிடச் சற்றே உயரம் என்பதால் எண்ணெய் ஊற்றும்போது அவர் விளக்கின் உள்ளே பார்க்க முடியும். இதற்கு மேல் உயர்த்தியிருந்தால் குழந்தைக்கு இன்னும் எட்டாமல் இருந்திருக்கும், ஆனால் தாயார் சுடரைப் பார்க்காமல் எண்ணெய் ஊற்ற நேரும். குழந்தைக்காக வேறொன்று செய்தோம். இழுதட்டு படுக்கையறை வாசல் பக்கம் வந்ததால், குழந்தை அதிகம் ஓடும் சமையலறை வாசல் பக்கம் முழுவதும் காலியாக இருக்கிறது.

இனிக் கதவு. இங்கே அளவுகள்தான் பேச வேண்டும். சுவர் 40 அங்குலம், அலமாரி 30 அங்குலம், இரு பக்கமும் ஐந்து ஐந்து அங்குலம் மிச்சம், ஆழம் 12 அங்குலம். வழக்கமான இரட்டைக் கதவு என்றால் ஒவ்வொன்றும் 15 அங்குலம். 90 பாகை திறந்தால் இரண்டும் முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். இடது கதவு எரியும் விளக்குக்குப் பக்கத்திலேயே சுவர் போல் நிற்கும். 180 பாகை திறந்தால் சமையலறை வாசலையும் படுக்கையறை வாசலையும் பத்து பத்து அங்குலம் மறைக்கும். முழுவதும் பின்னால் மடித்து அலமாரியின் பக்கவாட்டில் சாய்க்கலாமா என்றால், 15 அங்குலக் கதவு 12 அங்குல ஆழத்தில் அடங்காமல் சுவரில் இடிக்கும்.

நகரும் கதவைக் கணவர் விரும்பினார். இடமே வேண்டாமே என்றார். ஆனால் நகரும் கதவில் எப்போதும் பாதி அலமாரி மூடியே இருக்கும். ஒரு பக்கத்துச் சுவாமியைப் பார்த்தால் இன்னொரு பக்கம் மறையும். கீழ்த் தடத்தில் குங்குமம், ஊதுபத்திச் சாம்பல், எண்ணெய் எல்லாம் சேர்ந்து கெட்டியாகப் படிந்து, சில மாதங்களில் கதவு ஓடாது. சுருட்டிக் கொள்ளும் ஷட்டர் இன்னும் மோசம். சுருளும் பெட்டி மேலேதான் இருக்க வேண்டும், அங்கேதான் சூடும் போகிறது. கதவே வேண்டாம், திரைச்சீலை போதும் என்ற யோசனையும் வந்தது. விளக்குக்கு அருகே துணி என்ற இடத்திலேயே அது முடிந்துவிட்டது.

கடைசியில் நின்றது மடிப்புக் கதவு. நான்கு இலைகள், ஒவ்வொன்றும் ஏழரை அங்குலம். இரண்டிரண்டாக மடிந்து, 270 பாகை திரும்பும் கீலில் சுற்றி வந்து, அலமாரியின் பக்கவாட்டில் ஒட்டி நிற்கும். ஏழரை அங்குலம் 12 அங்குல ஆழத்தில் தாராளமாக அடங்குகிறது. முக்கால் அங்குல இலை இரண்டு சேர்ந்தால் தடிமன் ஒன்றரை அங்குலம். பக்கத்தில் இருக்கும் ஐந்து அங்குலத்தில் அது போக விரல் நுழையவும் இடம் இருக்கிறது. எல்லாவற்றையும்விட, திறந்த கதவின் எந்த விளிம்பும் அலமாரியின் முகப்பைத் தாண்டி முன்னால் வருவதில்லை. விளக்கு முகப்பிலிருந்து ஆறு அங்குலம் முன்னால் எரிகிறது. அதைச் சுற்றி மூன்று பக்கமும், மேலேயும், மரம் இல்லை.

மடிப்புக் கதவில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. ஓர இலையும் நடு இலையும் உட்புறம் உட்புறத்தோடு ஒட்டும்படி மடிய வேண்டும். அப்படி மடிந்து சுற்றி வரும்போது ஓர இலையின் வெளிமுகம் அலமாரியின் பக்கத்தோடு ஒட்டும். அந்த முகத்தில் கைப்பிடியோ மணியோ இருந்தால் இடிக்கும், கதவு முழுவதும் சாயாது. பூஜைக் கதவுக்கு மணி வேண்டும் என்பது தாயாரின் ஆசை. நடுவில் இருக்கும் இரண்டு இலைகளில் மட்டும் சிறிய பித்தளை மணிகளை வைத்து, ஓர இலைகளை வெறுமையாக விட்டோம். ஆசாரியிடம் இதை வரைந்து காட்டாவிட்டால் நான்கு இலைகளிலும் அழகுக்காக மணி கட்டிவிடுவார்.

கதவின் மேல் பாதி நேரான கிராதி, கீழ்ப் பாதி முழுப்பலகை. இயந்திரத்தில் வெட்டிய எம்.டி.எஃப். பூவேலைத் தடுப்பைத் தவிர்த்தேன். வெட்டிய ஓரங்கள் பஞ்சு போல் இருப்பதால் எண்ணெய்ப் புகையை உறிஞ்சிக் கொள்ளும், துடைத்தாலும் போகாது. நேர்க்கிராதியில் ஒரு துணியை மேலிருந்து கீழ் வரை இழுத்தால் போதும். ஆறிய விளக்கின் எண்ணெய் வாசமும் பூவின் ஈரமும் வெளியேற அந்த இடைவெளிகள் தேவை.

தட்டுக்கான பொருளில் அவர்களுடைய முதல் தேர்வு வெள்ளை மார்பிள். பார்க்கக் கோயில் போல இருக்கும்தான். ஆனால் மார்பிள் எண்ணெயை உறிஞ்சி மஞ்சள் திட்டாக வைத்துக்கொள்ளும். மேலும் அது அமிலத்துக்கு ஆகாது. பித்தளை விளக்கைப் புளி போட்டுத் தேய்த்து ஈரத்தோடு வைக்கும் வீட்டில், சில வாரங்களிலேயே விளக்கின் அடிவட்டம் பளபளப்பிழந்து கல்லில் பதிந்துவிடும். அக்ரிலிக் சுமார் 100 டிகிரியிலேயே இளகத் தொடங்கும்; சாய்ந்த திரியோ விழுந்த கற்பூரமோ அதைக் குழித்துவிடும். சாதாரணக் கண்ணாடி ஒரு பக்கம் மட்டும் சூடேறினால் விரிசல் விடும். முக்கியத் தட்டுக்கு 18 மில்லிமீட்டர் கறுப்பு கிரானைட்டை முடிவு செய்தோம். எண்ணெய் பட்டாலும் கறுப்பில் தெரியாது, புளி எதுவும் செய்யாது. 29 அங்குலத்துக்கு 11 அங்குலம் என்ற அளவில் அதன் எடை பத்துக் கிலோ அளவில் வருகிறது. நிலையான தட்டுக்கு அது பொருட்டில்லை.

இழுதட்டுக்குக் கிரானைட் கனம். அங்கே ஒன்பது மில்லிமீட்டர் விட்ரிஃபைட் டைலின் ஒரு துண்டு போதும். அது ஈரத்தையும் எண்ணெயையும் ஏறக்குறைய உறிஞ்சுவதே இல்லை, சூட்டுக்கும் அசையாது. பிளைவுட் மேல் டைலை ஒட்டி, சுற்றிலும் டைலைவிட ஐந்து மில்லிமீட்டர் உயரமாக நிற்கும்படி பித்தளைப் பட்டை கொடுத்தோம். திரி நனைந்து விளிம்பைத் தாண்டித் தொங்கும்போது எண்ணெய் சொட்டுச் சொட்டாக வெளியே வரும். அது மரத்துக்கு இறங்காமல் இந்த விளிம்புக்குள் நிற்க வேண்டும். பட்டைக்கும் டைலுக்கும் இடையே சிலிக்கான் பூசியாயிற்று. விளக்கின் அடியில் ஒரு பித்தளைத் தாம்பாளம் வைப்பது அப்போதும் நல்லது. எண்ணெய் ஊறிய மரம்தான் எல்லாவற்றிலும் எளிதில் பற்றும். தட்டை ஓட்டும் சேனலில், முழுவதும் இழுத்ததும் அதுவே பூட்டிக்கொள்ளும் வகையைக் கேட்டு வாங்கினோம். இல்லாவிட்டால் லேசாகக் கை பட்டாலும் எரியும் விளக்கோடு தட்டு பின்னால் போகும்.

மரத்தைப் பற்றி நீளமாகச் சொல்ல எதுவும் இல்லை. கதவும் சட்டமும் நன்கு உலர்ந்த தேக்கு, பெட்டி ஈரம் தாங்கும் வகையான ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பிளைவுட்டில் தேக்குத் தோல் ஒட்டியது. பாலிஷில் மட்டும் ஒரு வேண்டுகோள் வைத்தேன். என்.சி. லாக்கர் வேண்டாம், அது எளிதில் பற்றும் பூச்சு, பி.யூ. பாலிஷ் போதும். எதுவானாலும் தின்னர் வாசம் முழுவதும் போகும்வரை அருகில் தீபம் ஏற்றக் கூடாது.

சுவரைத் துளையிட்டபோது வெள்ளைப் பொடி கொட்டியது. செங்கல்லானால் சிவப்பாக வரும், கான்கிரீட் என்றால் சாம்பல் நிறமாக, டிரில் திணறித் திணறி இறங்கும். இது எளிதாக இறங்கிய வெள்ளைப் பொடி, அதாவது நுண்துளைகள் நிறைந்த, எடை குறைந்த நான்கு அங்குல ஏ.ஏ.சி. பிளாக். சாதாரண இரும்பு ஆங்கர் போல்ட்டை இதில் முறுக்கினால் அது விரியும் இடத்தில் பிளாக் நொறுங்கும். அலமாரி, கல், கதவு, படங்கள், பித்தளைச் சாமான் எல்லாம் சேர்த்து 60 கிலோவுக்கு மேல் வரும். சுவரின் மறுபுறம் படுக்கையறை அலமாரியின் முதுகு இருந்தது நல்லதாகப் போயிற்று. போல்ட்டை ஊடுருவ விட்டு மறுபுறம் இரும்புத் தகடு வைத்து முடுக்கினோம்; தகடு துணி அலமாரிக்குப் பின்னால் மறைந்துவிட்டது. முன்பக்கம் சரிவாக அறுத்த தேக்குச் சட்டத்தில் பூஜை அலமாரி தொங்குகிறது. அடியில் இரண்டு எல் வடிவக் கோணங்கள் தாங்குகின்றன.

எல்.இ.டி. வெளிச்சத்தை வீட்டார் விடவில்லை. வலது பக்க ஓரத்தில், மேலிருந்து கீழாக, விளக்குக்கு எதிர்ப்புறம் வைத்துக் கொடுத்தேன்.

ஒரு வருட உபயோகத்துக்குப் பிறகு பார்த்தபோது உட்கூரைப் பலகை புதிதாகவே இருந்தது. விளக்குக்கு நேர்மேலே கூடத்தின் கூரைச் சுண்ணாம்பில் மங்கலான நிழல் ஒன்று படிந்திருக்கிறது. அது மின்விசிறிக் காற்றில் சுடர் ஆடுவதால் வரும் கரி. விளக்கு எரியும் நேரத்தில் அந்த ஒரு விசிறியை நிறுத்தினால் பெருமளவு குறையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தேக்கு ஊறி நடு இலைகள் இரண்டும் உரசின. ஆசாரி விளிம்பை இழைக்கப் பார்த்தார், நான் தடுத்துவிட்டேன். தை பிறந்ததும் மரம் தானாகச் சுருங்கியது. அப்போது இழைத்திருந்தால் கோடையில் நடுவே இடைவெளி விழுந்திருக்கும். நான்கு இலைக் கதவில் கீல்கள் அதிகம் என்பதால் திருகுகளை அவ்வப்போது முடுக்க வேண்டியிருக்கிறது. இந்த அமைப்பின் உண்மையான குறை அதுதான்.

வெள்ளிக்கிழமைக் குத்துவிளக்கு மட்டும் இந்த அலமாரியில் அடங்காது. ஐந்து முகச் சுடருக்கு இழுதட்டின் அகலம் போதாது, கனமும் அதிகம். அதைத் தரையில் மணையின் மேல் வைத்து, அலமாரியின் முகப்பிலிருந்து ஓர் அடியாவது முன்னால் தள்ளி ஏற்றச் சொல்லியிருக்கிறேன். இழுதட்டு வெளியே இருக்கும் நேரத்தில் அதற்கு நேர் கீழே வைக்காமல் வலது பக்கம் வைக்க வேண்டும். கார்த்திகை தீபத்தின் அகல்களுக்கு வாசலும் பால்கனியும் இருக்கின்றன.